டாஷ்போர்டு வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: என் லிங்குகள் ஏன் திறக்கவில்லை, பிறகு என்ன எழுதினேன்

கொழும்பில் டேட்டா வேலை தேடும் புதிய பட்டதாரிகளுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் பவர் பிஐயில் இரண்டு மூன்று டாஷ்போர்டு செய்து, அவற்றின் லிங்கை விண்ணப்பக் கடிதத்தில் போட்டு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும். வெள்ளவத்தையில் இன்னொரு பிள்ளையோடு பங்குக்கு எடுத்த அறைக்கு மாதம் 18,000 ரூபாய், அதற்கு மேல் சாப்பாடு, பஸ் காசு என்று அப்பாவிடம் வாங்கிய பணமும் மிச்சமாகியிருக்கும்.

இறுதிப் பரீட்சை முடிந்து பெறுபேறு வந்ததும் ஜூனியர் ரிப்போர்ட்டிங் வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கினேன். வேலை அனுபவம் கிடையாது. கையில் இருந்தது மூன்று டாஷ்போர்டு மட்டும். கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு பந்தி, கீழே மூன்று லிங்க். அனுப்பினேன், அனுப்பினேன், ஒரு பதிலும் வரவில்லை. நிராகரிப்பு வந்தாலாவது மனம் ஆறும். பதிலே வராதபோது ஆள் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கும். என் ஆங்கிலம் சரியில்லையோ, பட்டம் வகுப்புக் காணாதோ, தமிழ்ப் பெயரைப் பார்த்துத் தள்ளிவிடுகிறார்களோ என்றெல்லாம் இரவில் படுத்தபடி யோசித்திருக்கிறேன். சிவியைத் திருத்தித் தருகிறேன் என்ற ஒருவருக்கு 7,500 ரூபாய் கொடுத்தேன். அவர் இடது பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பட்டை போட்டு, என் திறமைகளுக்குப் பக்கத்தில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் வைத்துத் தந்தார். லிங்கை அவரும் அழுத்திப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு தோழியின் ஒன்றுவிட்ட அக்கா, ஒரு தனியார் நிறுவனத்தில் ரிப்போர்ட்டிங் பகுதியில் இருப்பவர், என் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார். "பிள்ளை, உங்கட லிங்க் ஒண்டும் திறக்குதில்லையே. ஒண்டு சைன் இன் கேக்குது, மற்றது இல்லை எண்டு காட்டுது. நீங்கள் இதை வெளியில ஆருக்கும் காட்டிப் பாத்தனீங்களோ?" எனக்குக் கை விறைத்துவிட்டது. அவ்வளவு நாளும் நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றிலும் இதே லிங்குகள்தான்.

காரணம் எளிது, ஆனால் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை. பவர் பிஐயில் இரண்டு பகுதி இருக்கிறது. கணினியில் நிறுவும் டெஸ்க்டாப் இலவசம், அதில் டாஷ்போர்டு செய்யக் கணக்கு எதுவும் தேவையில்லை. அதை இணையத்தில் ஏற்ற வேண்டுமென்றால்தான் கணக்கு வேண்டும். அங்கே ஜிமெயில் போன்ற சொந்த மின்னஞ்சலை ஏற்க மாட்டார்கள். நிறுவனம் அல்லது கல்வி நிலையம் தந்த மின்னஞ்சல் வேண்டும். ஆகவே நாங்கள் எல்லோரும் பல்கலைக்கழக மின்னஞ்சலில்தான் ஏற்றியிருந்தோம். பெறுபேறு வந்து கொஞ்ச நாளில் அந்தக் கணக்கை மூடிவிட்டார்கள். மூடப்போகிறோம் என்ற அறிவித்தலும் அதே மின்னஞ்சலுக்குத்தான் போயிருக்கிறது. பரீட்சை முடிந்த பிறகு அதைத் திறந்து பார்க்கும் ஆள் யார்? கணக்கு போனதும் அதில் இருந்த அறிக்கைகளும் அவற்றின் லிங்குகளும் சேர்ந்து போய்விட்டன.

கணக்கு உயிரோடு இருந்தாலும் லிங்கில் இரண்டு ரகம் உண்டு என்று அக்கா காட்டித் தந்தார். உலாவியின் முகவரிப் பட்டியிலிருந்து அப்படியே பிரதி எடுத்தால் `app.powerbi.com/groups/me/reports/` என்று தொடங்கும். அது உங்கள் சொந்த இடத்தின் முகவரி. வெளியாள் திறந்தால் சைன் இன் பக்கம்தான் வரும், உள்ளே போக அவருக்கு அனுமதியும் இருக்காது. File மெனுவில் Embed report, அதற்குள் Publish to web என்பதைக் கொடுத்து எடுத்த லிங்க் `app.powerbi.com/view?r=` என்று தொடங்கும். அதுதான் எவருக்கும் திறக்கும். ஆனால் அதையும் உங்கள் கல்வி நிலையத்தின் நிர்வாகி அனுமதித்திருக்க வேண்டும். பல இடங்களில் அனுமதிப்பதில்லை, அனுமதித்தாலும் கணக்கு மூடினால் கதை முடிந்தது. ஆகவே உங்கள் கடிதத்தில் இருக்கும் லிங்கின் முதல் சில எழுத்துகளை இப்போதே பாருங்கள். பிறகு போனில் இன்கொக்னிட்டோ ஜன்னல் திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு அந்த லிங்கை அழுத்துங்கள். உங்கள் சொந்த லெப்டொப்பில் திறந்து பார்ப்பது சோதனையே இல்லை, அங்கே நீங்கள் ஏற்கனவே உள்ளே இருப்பீர்கள்.

நல்லவேளையாக `.pbix` கோப்புகள் என் லெப்டொப்பில் இருந்தன. என்னோடு படித்த ஒருவர் எல்லாவற்றையும் பல்கலைக்கழக ஒன்டிரைவில் மட்டும் வைத்திருந்தார், அவருக்குக் கோப்பும் இல்லை. நான் பிறகு செய்தது மூன்று வேலை. ஒன்று, பவர் பிஐ டெஸ்க்டாப்பிலேயே Export to PDF கொடுத்து, சிறந்த டாஷ்போர்டின் இரண்டு பக்கத்தையும் பி.டி.எஃப். ஆக்கி, சிவியோடு சேர்த்தே இணைத்தேன். அக்காவின் அலுவலகத்தில் வெளிக் கோப்புப் பகிர்வுத் தளங்கள் பலதும் அடைபட்டிருக்கின்றனவாம். அப்படியான இடத்தில் மின்னஞ்சலோடு வந்த இணைப்பு மட்டும்தான் நிச்சயமாகத் திறக்கும். இரண்டு, கோப்பையும் மூலத் தரவையும் கிட்ஹப்பில் போட்டேன், ஜிமெயிலிலேயே கணக்கு எடுக்கலாம். மூன்று, அந்த ஒரு டாஷ்போர்டை மட்டும் டாப்லோ பப்ளிக்கில் மறுபடி கட்டினேன். அதற்கும் சொந்த மின்னஞ்சல் போதும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே அதன் சிக்கலும். ஒரு கடையின் விற்பனைத் தரவைப் போல வெளியாருக்குக் காட்டக் கூடாத எதையும் அங்கே ஏற்றக் கூடாது.

சரி, லிங்க் பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா கடிதத்தையே வாசித்தார். அதில் நான் எழுதியிருந்தது, எங்கள் வகுப்பில் எல்லோரும் எழுதியதுதான்: பவர் பிஐ, டாப்லோ, எக்செல், எஸ்.க்யூ.எல். தெரியும், கூட்டாக வேலை செய்வேன், மூன்று டாஷ்போர்டு செய்திருக்கிறேன். மூன்றில் ஒன்று டாப்லோவோடு கூடவே வரும் சூப்பர்ஸ்டோர் மாதிரித் தரவில் செய்தது. "இதை நாங்கள் கண்டு கண்டு அலுத்துப்போனம், பிள்ளை" என்றார் அக்கா. சூப்பர்ஸ்டோர் தரவு ஏற்கனவே துப்புரவாக இருக்கும். அழுக்குத் தரவை என்ன செய்வீர்கள் என்பதை அது காட்டாது, ஆனால் வேலையில் பாதிக்கு மேல் அதுதான் என்பது அவர் வாதம். மூன்றையும் பட்டியல் போடாமல், ஒன்றை எடுத்து அதில் நீங்கள் எடுத்த ஒரு முடிவை விளக்குங்கள் என்றார். நான் எடுத்தது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் டாஷ்போர்டு.

அதை ஏன் செய்தேன் என்றால், பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்லும்போதெல்லாம் அம்மா, "எங்க குறைஞ்சது? அரிசி அதே விலைதானே" என்பார். இரண்டும் உண்மை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் இந்தச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 செப்டம்பரில் 69.8 சதவீதம். 2023 செப்டம்பரில் 1.3 சதவீதம். வேகம் குறைந்தது, விலை மட்டம் ஏறிய இடத்திலேயே நின்றது. ஆகவே ஒரே பக்கத்தில் மேலே சுட்டெண்ணின் மட்டத்தைக் கோடாகவும், கீழே ஆண்டு மாற்றத்தைத் தூண்களாகவும் போட்டேன். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் இடமும் வலமும் இரண்டு அச்சு வைத்துத் திணிக்கவில்லை. அப்படிப் போட்டால் இரண்டு கோடும் எங்கோ வெட்டிக்கொள்ளும், பார்ப்பவர் அந்த வெட்டுப் புள்ளிக்கு ஏதோ அர்த்தம் இருப்பதாக நினைப்பார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2023 தொடக்கத்தில் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 2013 இலிருந்து 2021 ஆக மாறியது. அதாவது பழைய தொடரில் 2013ஆம் ஆண்டின் சராசரி 100, புதிய தொடரில் 2021ஆம் ஆண்டின் சராசரி 100. இரண்டு கோப்பையும் இறக்கி ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினால் பவர் பிஐ ஒரு பிழையும் காட்டாது. கோடு மட்டும் ஒட்டிய மாதத்தில் செங்குத்தாக இறங்கும். ஆண்டு மாற்றத்தை நீங்களே கணக்கிட்டால் அதற்குப் பிறகு 12 மாதங்களுக்கு அது பொய்யாகக் குறைந்து நிற்கும், 13ஆவது மாதத்தில் திடீரென்று சரியாகும். ஒரு சார்ட்டில் சரியாக ஓர் ஆண்டு நீளத்துக்கு ஒரு பள்ளம் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சரி செய்வதற்கு, இரண்டு தொடரிலும் எண் உள்ள ஒரு மாதம் வேண்டும். அந்த மாதத்தில் பழையது 240, புதியது 180 என்று வைத்துக்கொள்வோம் (விளக்கத்துக்காகச் சொல்லும் எண்கள்தான்). 180ஐ 240ஆல் வகுத்தால் 0.75. பழைய தொடரின் எல்லா மாதங்களையும் 0.75ஆல் பெருக்கினால் இரண்டும் ஒரே அளவுக்கு வந்து கோடு தொடரும். ஆனால் இது மட்டத்தை மட்டுமே பொருத்துகிறது. புதிய தொடரில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு நிறை என்பதும் மாறியிருக்கிறது, அதைப் பெருக்கல் சரிசெய்யாது. 2023 ஜனவரியைப் பாருங்கள்: பழைய அடிப்படையில் பணவீக்கம் 54.2 சதவீதம், புதிய அடிப்படையில் 51.7. ஒரே மாதம், ஒரே திணைக்களம், இரண்டு எண். ஒட்டிய தொடரிலிருந்து 2023க்கான ஆண்டு மாற்றத்தை நானே கணக்கிட்டிருந்தால் அது திணைக்களம் வெளியிட்ட எண்ணோடு ஒத்துவராது. ஆகவே மேலே உள்ள கோட்டுக்கு மட்டும் ஒட்டிய தொடர், கீழே உள்ள தூண்களுக்குத் திணைக்களம் வெளியிட்ட விகிதம் என்று பிரித்துக்கொண்டேன். சார்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் அதை எழுதியும் வைத்தேன்.

இதை முழுக்கக் கடிதத்தில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. அக்காவும் நானும் வெட்டி வெட்டி இந்த அளவுக்குக் கொண்டுவந்தோம். கடிதம் ஆங்கிலத்தில் போனது, பொருள் இது:

"உங்கள் விளம்பரத்தில் மாதாந்த அறிக்கைகளைப் புதுப்பிப்பது முதல் பொறுப்பாக உள்ளது. அதற்கு நெருக்கமாக நான் செய்தது, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை 2019 முதல் மாதவாரியாகக் காட்டும் இரண்டு பக்க டாஷ்போர்டு. 2023இல் அடிப்படை ஆண்டு மாறியதால் இரண்டு தொடர்களை இணைக்க வேண்டியிருந்தது. மட்டத்துக்கு இணைத்த தொடரையும், ஆண்டு மாற்றத்துக்கு வெளியிடப்பட்ட விகிதத்தையும் பயன்படுத்தி, அதைச் சார்ட்டின் கீழே குறிப்பிட்டுள்ளேன். இணைப்பின் முதல் பக்கத்தில் பார்க்கலாம். எஸ்.க்யூ.எல்.இல் அட்டவணைகளை இணைப்பதும் தொகுப்பதும் தெரியும். விண்டோ ஃபங்ஷன்களை இப்போது கற்கிறேன்."

கவனித்தீர்களா, பவர் பிஐ என்ற பெயர்கூட இந்தப் பந்தியில் இல்லை. அது சிவியில் இருக்கிறது, இணைப்பைப் பார்த்தாலும் தெரியும். கடைசி வரியை எழுத நான் தயங்கினேன், தெரியாததை நாமே சொல்வதா என்று. ஜூனியர் வேலைக்கு எல்லாம் தெரியும் என்று எழுதியவரைத்தான் நேர்முகத்தில் முதலில் குடைவார்கள் என்றார் அக்கா. இந்தப் பந்திக்கு முன்னால் எந்த வேலை, எங்கே விளம்பரம் பார்த்தேன் என்று ஒரு வரி. பின்னால் எப்போது சேர முடியும், போன் இலக்கம் என்று ஒரு வரி. அவ்வளவுதான், அரைப் பக்கம். முதல் வரியில் விளம்பரத்தின் சொற்களை எடுத்திருப்பதால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதை மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கலாம். விளம்பரத்தில் விற்பனை அறிக்கை என்று இருந்த இடத்துக்கு, மாமாவின் பாமசிக்காக நான் செய்த காலாவதித் திகதி அறிக்கையை முன்னால் வைத்தேன். அது அவர் திங்கட்கிழமைகளில் உண்மையாகவே திறந்து பார்க்கும் ஒன்று. மருந்துப் பெயர்களையும் தொகைகளையும் மாற்றிய பிரதியைத்தான் இணைத்தேன், அதையும் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னேன். கடைக்காரரின் உண்மைக் கணக்கை அப்படியே அனுப்பினால், நாளை எங்கள் கணக்கையும் இப்படித்தான் வெளியில் காட்டுவாரோ என்று வாசிப்பவர் நினைப்பார்.

சின்ன விஷயங்களும் உண்டு. பி.டி.எஃப்.பின் பெயரை என் பெயர், வேலையின் பெயர் என்று வைத்தேன். முன்பு அது `final_new2.pdf` என்று போயிருந்தது. டாஷ்போர்டைப் பி.டி.எஃப். ஆக்கும்போது அந்த நேரத்தில் தெரியும் நிலைதான் உறையும், வடிகட்டியில் உணவு மட்டும் தெரிவாகியிருந்தால் அதுவே போகும். ஏற்றுமதிக்கு முன் எல்லா வடிகட்டிகளையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும் எண்கள் பி.டி.எஃப்.பில் வராது. ஆகவே முக்கியமான இரண்டு மூன்று புள்ளிகளுக்கு எண்ணைச் சார்ட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். நான் 69.8க்கும் 1.3க்கும் மட்டும் எழுதினேன், எல்லாத் தூணுக்கும் எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும்.

புதிய கடிதம் போகத் தொடங்கிய பிறகு அழைப்புகள் வந்தன, மளமளவென்று இல்லை, ஆனால் வந்தன. நேர்முகத்துக்குப் போன ஓர் இடத்தில் மேலாளர் என் பி.டி.எஃப்.பை அச்செடுத்து வைத்திருந்தார். 2023 ஜனவரித் தூணில் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "இதில் 51.7 என்று காட்டியிருக்கிறீர்கள், அந்த நேரம் செய்தியில் 54.2 என்று பார்த்த ஞாபகம். எது சரி?" என்று கேட்டார். இரண்டும் வெளியிடப்பட்டவைதான், ஒவ்வொன்றும் எந்த அடிப்படை ஆண்டில் என்று சொன்னேன். அடுத்து வரும் மாதங்களோடு ஒப்பிட வேண்டியிருந்ததால் புதியதை எடுத்தேன், அதற்கு முந்தைய தூண்கள் பழைய அடிப்படையில் இருப்பதால் நிறத்தைச் சற்று வெளிறச் செய்திருக்கிறேன் என்று காட்டினேன். கறுப்பு வெள்ளை அச்சில் அந்த நிற வேறுபாடு தெரியவில்லை. அவர் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்கள் இயக்குநர்களும் அச்செடுத்துத்தான் பார்ப்பார்கள், அங்கே ஒரு கோடு போடுங்கள்" என்றார். அன்றிரவே 2022 டிசம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு போட்டு, மேலே "அடிப்படை ஆண்டு மாற்றம்" என்று எழுதி, நன்றி மின்னஞ்சலோடு திருத்திய பக்கத்தை அனுப்பினேன். அந்த வேலைதான் கிடைத்தது.